கோலமாவில் வரைந்த வீடு

நாற்பது வருடம் குடியிருந்த வீட்டை விற்றுவிட்டுச் சின்ன ஃபிளாட்டுக்குப் போவதென்று முடிவெடுத்த வயதான தம்பதி, வேலையைப் பெரும்பாலும் பரணில்தான் ஆரம்பிப்பார்கள். ஏறுவதற்கு ஒரு ஆளைப் பிடித்து, மேலே கிடக்கும் அண்டாவையும் டிரங்குப் பெட்டியையும் இறக்கிக் கூடத்தில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, "இதை வச்சுக்கலாமா, குடுத்துடலாமா?" என்று பேச ஆரம்பிப்பார்கள். மூன்றாம் நாள் கூடத்தில் நடக்க வழியிருக்காது. அடுத்த வாரம் பாதிச் சாமான் மறுபடி பரணுக்கே போயிருக்கும்.

கழிப்பதில் தொடங்கினால் இப்படித்தான் ஆகும். கையிலெடுத்துப் பார்த்தால் எந்தப் பொருளும் என்றாவது ஒருநாள் உதவும் என்றுதான் தோன்றும். ஆகவே எதைத் தூக்கிப் போடுவது என்று பழைய வீட்டில் உட்கார்ந்து யோசிப்பதில் பயனில்லை. போகிற வீட்டில் எது கொள்ளும் என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு அளவுநாடாவே பதில் சொல்லிவிடும்; கணவன் மனைவிக்குள் சண்டையும் பாதியாகக் குறையும்.

என் சித்தப்பாவும் சித்தியும் நங்கநல்லூர் வீட்டை விற்றபோது இந்த வழியில்தான் போனோம். சித்தப்பா அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், சித்தி பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ஒரு கிரவுண்டு மனையில் 1983-ல் கீழ்த்தளம் கட்டினார்கள், 2004-ல் மாடி எழுப்பினார்கள். கீழும் மேலுமாக 2,200 சதுர அடி. கோயம்புத்தூரில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் வாங்கியிருந்த ஃபிளாட்டோ உள்ளளவு 640 சதுர அடிதான். வாங்குகிறவர் ஒரு பில்டர். வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறவர். விற்பனை ஒப்பந்தம் வைகாசிக் கடைசியில் போட்டார்கள், பத்திரப்பதிவு ஆவணியில். நடுவில் கிட்டத்தட்ட மூன்று மாதம்.

அந்த மூன்று மாதத்துக்குள் ஆடி வருகிறது. ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறக் கூடாது என்று சித்தி ஒரே பிடியாக நின்றார். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அது எங்களுக்கு வசதியாகவே அமைந்தது. ஆனியில் அளப்பதும் காகிதங்களைப் பார்ப்பதும், ஆடி முழுவதும் பிரித்துக் கொடுப்பது, ஆவணி முதல் முகூர்த்தத்தில் லாரி என்று தேதிகள் தாமாகவே விழுந்தன. ஊரே ஆடித் தள்ளுபடியில் வாங்கிக் கொண்டிருந்தபோது நாங்கள் மட்டும் தள்ளிக்கொண்டிருந்தோம். ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆடி முடிந்ததும் வரும் முதல் சுபதினத்தில் ஊரில் பாதிப் பேர் வீடு மாறுவார்கள். பேக்கர்ஸ் ஆட்களை ஒரு மாதம் முன்பே பேசி வைக்காவிட்டால் லாரி கிடைக்காது, கிடைத்தாலும் கூலி ஏறியிருக்கும்.

ஃபிளாட்டின் வரைபடம் கையில் இருந்தது. ஆனால் ஏ4 தாளில் இருக்கும் வரைபடத்தைப் பார்த்து எழுபத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கு அறையின் அளவு பிடிபடாது, நமக்கும் பிடிபடாதுதான். சித்தப்பாவின் மகள் பெங்களூரிலிருந்து வந்தபோது அந்த யோசனையைச் சொன்னாள். மொட்டை மாடி 1,100 சதுர அடி. ஃபிளாட் முழுவதும் அதற்குள் அடங்கும். சித்தியிடம் கோலமாவு வாங்கி, நிஜ அளவிலேயே சுவர்களைக் கோடாக இழுத்தாள். கூடம் 17 அடிக்குப் பத்தரை அடி, படுக்கையறை 11-க்கு 10, இரண்டாவது அறை 10-க்கு 9. கதவுகளுக்கு மூன்றடி இடைவெளி, குளியலறைக்கு இரண்டரை அடி. பிறகு கீழே இருக்கும் ஒவ்வொரு பெரிய சாமானையும் அளந்து, அதே அளவுக்குச் செய்தித்தாளை ஒட்டி, கட்டில் என்றும் பீரோ என்றும் எழுதி, கோட்டுக்குள் வைத்துப் பார்த்தோம். காற்றுக்குப் பறக்காமல் மேலே செங்கல் துண்டு.

சித்தி நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறு பேர் உட்காரும் தேக்கு மேஜையின் தாளைக் கூடத்தில் விரித்ததும், "அப்ப சோபாவை எங்கடா போடுறது?" என்றார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. மேஜையைத் தாமே கோட்டுக்கு வெளியே தள்ளச் சொன்னார். பீரோ இரண்டில் ஒன்று நின்றது. ஊஞ்சல் நிற்கவில்லை. ஆறடிப் பலகையாவது நுழையும், ஆனால் ஆடுவதற்கு முன்னாலும் பின்னாலும் மூன்று அடியாவது வேண்டும். அது போக, ஃபிளாட்டின் கூரையில் கொக்கி போடக் குடியிருப்பு விதி இடம் தரவில்லை. சித்தப்பாவுக்கு அன்று முகம் வாடித்தான் போயிற்று.

சாமானை வைத்துவிட்டால் மட்டும் போதாது, நடக்கும் இடத்தையும் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். கட்டிலைச் சுற்றியும், கட்டிலில் இருந்து குளியலறைக்கும் மூன்றடி அகலப் பாதை விட்டோம். இன்று இருவருமே கைத்தடி இல்லாமல் நடக்கிறார்கள், ஆனால் வாக்கர் வந்துவிட்டால் அந்த அகலம் வேண்டும். சக்கர நாற்காலி ஒரு சுற்றுத் திரும்ப ஐந்தடி வட்டம் தேவை. அந்த ஐந்தடி கூடத்திலாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். இன்னொன்று: பழைய வீட்டில் இரவில் எழுந்தால் கட்டிலின் இடதுபக்கம் இறங்கி, நேரே நடந்தால் குளியலறை. நாற்பது வருடமாகக் கால் பழகிய வழி அது. புது வீட்டிலும் இடதுபக்கம் இறங்கினால் குளியலறை வரும்படி கட்டிலைப் போட முடிந்தது, அதற்காக ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தோம். தூக்கக் கலக்கத்தில் பழைய திசையில் நடந்து சுவரில் மோதிக்கொள்வதும் தடுக்கி விழுவதும் வீடு மாறிய முதல் சில வாரங்களில் முதியவர்களுக்கு நேரக்கூடியவைதான்.

பெரிய சாமான்கள் இப்படி ஒரே காலையில் முடிந்தன. சில்லறைச் சாமான்கள்தான் கஷ்டம். அதற்கும் அளவுநாடாதான். சமையலறையில் இருந்த அலமாரித் தட்டுகளின் நீளத்தையெல்லாம் கூட்டினோம், 58 அடி வந்தது. ஃபிளாட்டில் அதே கணக்கு 19 அடி. அதாவது மூன்றில் ஒரு பங்கு. இந்தக் கணக்குத் தெரிந்த பிறகு சித்தியிடம் ஒவ்வொரு கரண்டியையும் காட்டிக் கேட்கவில்லை. ஒரு அலமாரியைக் காலி செய்து, 19 அடித் தட்டுக்கு மட்டும் மாஸ்கிங் டேப் ஒட்டி, "இதுக்குள்ள நீங்களே அடுக்குங்க சித்தி" என்று விட்டுவிட்டோம். தினமும் எடுக்கும் பாத்திரங்களை அவர் கை தானாகவே முதலில் எடுத்து அடுக்கியது. ஒரு மணி நேரத்தில் தட்டு நிறைந்தது. மிச்சம் எல்லாம் போகிற சாமான். புடவைக்கும் இதே முறைதான். புது அலமாரியில் எத்தனை தட்டோ, அத்தனை தட்டு.

போகிற பாத்திரங்களில் எவர்சில்வர் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. பெயர் வெட்டிய தட்டும் டம்ளரும் வீட்டு வேலைக்கு வந்தவருக்கும் கோயில் மடைப்பள்ளிக்கும் போயின. ஆனால் பித்தளை, வெண்கலம், ஈயம் இருந்தால் அவசரப்படக் கூடாது. பழைய பாத்திரம் வாங்குகிற கடைகளில் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டுப் பித்தளை விலை சொல்வார்கள். வெண்கலத்துக்கு விலை கூடுதல். ஓரத்தில் விரலால் சுண்டினால் வெண்கலம் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கிவிடும். அண்டாவும் தவலையும் பித்தளை, சாதம் வடித்த கனத்த பானையும் உருளியும் வெண்கலம் என்று சுண்டிப் பார்த்தே பிரித்து வைத்தோம். ரசம் வைத்த ஈயச்சொம்பு அசல் வெள்ளீயமாக இருந்தால் அதன் உலோகம் செம்பைவிடப் பல மடங்கு விலை பெறும். பார்ப்பதற்கு நசுங்கிய அலுமினியம் போலிருப்பதால் காயலான்கடைக் கூடையில் போய்விடும். சித்தி அதை யாருக்கும் தரவில்லை. 19 அடிக்குள் அதற்கு இடம் கிடைத்தது.

அம்மியும் ஆட்டுக்கல்லும் யாருக்கும் வேண்டியிருக்காது. கேட்டவர் ஒருவர் மட்டுமே. தூக்க ஆள் கூட்டிவர வேண்டும் என்றதும் அவரும் வரவில்லை. கொலு பொம்மைகள் நேர் எதிர். ஆடியில் சொல்லிவைத்தால் புரட்டாசிக்குள் நாலு வீட்டிலிருந்து வந்து வாங்கிப் போவார்கள். நவராத்திரி முடிந்த பிறகு கேட்பாரில்லை.

பாத்திரத்தைவிடப் பெரிய நஷ்டம் காகிதத்தில் நடக்கும். வீடு காலி செய்கிற வேகத்தில் பழைய பேப்பர்காரரை முதல் நாளே கூப்பிட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், காகிதம் முழுவதும் ஒரு முறை பார்த்து முடியும்வரை அவர் வாசலுக்கே வரக் கூடாது. பீரோவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பை சுருட்டிச் செருகியிருந்தது. உள்ளே 2004-ல் மாடி எழுப்பியபோது கொத்தனார், சிமெண்ட் கடை, கம்பிக் கடை, தச்சர் கொடுத்த பில்கள், ஓரத்தில் பூச்சி அரித்திருந்தது. அதைப் பேப்பர்காரர் மூட்டையில் போடத்தான் சித்தப்பா எடுத்து வைத்திருந்தார்.

வீட்டை விற்றால் லாபத்துக்கு வருமான வரி உண்டு. 2001 ஏப்ரல் 1-க்கு முன்பு வாங்கிய சொத்துக்கு அந்தத் தேதியின் சந்தை மதிப்பையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பிறகு கட்டிய மாடிக்கான செலவை அந்த அடக்கத்தோடு கூட்டவேண்டுமென்றால் சான்று வேண்டும். பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாத 12.5 சதவீத வரிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாடிக்கு எட்டு லட்சம் செலவானது என்று பில்லோடு காட்ட முடிந்தால் லாபம் எட்டு லட்சம் குறைகிறது, வரி ஒரு லட்சம் குறைகிறது. பழைய சொத்துக்கு வேறு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்ட வழி உண்டு, அதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். பில்லை அவரால் உண்டாக்க முடியாது. கிலோவுக்குப் பத்துப் பதினைந்து ரூபாய்க்குப் போகவிருந்த பை அது.

காகிதங்களை மூன்று கட்டாகப் பிரித்தோம். முதல் கட்டு வீட்டுக்கானது: கிரையப் பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி, குடிநீர் வரி ரசீதுகள், மின் இணைப்பு ஆவணம், கட்டுமான பில்கள். வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் கடன் தீர்ந்ததற்கான வங்கிக் கடிதம் முக்கியம். அடமானம் பத்திர அலுவலகத்தில் பதிவாகியிருந்து அது நீங்கியது பதிவாகவில்லையென்றால் வில்லங்கச் சான்றிதழில் இன்னும் கடன் நிற்பதுபோலவே காட்டும். இதை ஒப்பந்தம் போடும் முன்பே பார்த்துவிட வேண்டும். தாய்ப்பத்திரம் கிடைக்கவில்லை என்று கடைசி வாரத்தில் தெரிந்தால், காவல் நிலையப் புகார், செய்தித்தாள் விளம்பரம், சான்றிட்ட நகல் என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

இரண்டாவது கட்டு பணம். பாட்டனார் காலத்துப் பங்குப் பத்திரம், காலாவதியான வைப்புத்தொகை ரசீது, எப்போதோ கட்டிய ஆயுள் காப்பீட்டு பாலிசி எல்லாம் இதில் வரும். கம்பெனியே இப்போது இல்லை என்று நினைத்துக் கிழிக்க வேண்டாம். ஒன்றோடு ஒன்று இணைந்து வேறு பெயரில் நடந்துகொண்டிருக்கலாம். தொடர்ந்து ஏழு வருடம் டிவிடெண்ட் வாங்காத பங்குகள் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும், ஆனால் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். பத்து வருடம் தொடாத வங்கிக் கணக்குகளைத் தேட ரிசர்வ் வங்கியின் UDGAM தளம் இருக்கிறது. மூன்றாவது கட்டு ஆட்களுக்கானது: பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றுகள், ஓய்வூதிய ஆணை, மருத்துவ அறிக்கைகள். இந்த மூன்று கட்டிலும் சேராத காகிதம்தான் பேப்பர்காரருக்கு. அதிலும் வங்கி எண்ணும் ஆதார் நகலும் உள்ளவற்றைக் கிழித்துத்தான் போட்டோம்.

புத்தகங்களில் ஒரு வகையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருக்கும் வீடுகள் நிறைய. 1950-களில் 'கல்கி'யில் மணியம் ஓவியங்களோடு வந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்கள் சித்தியின் அம்மா வீட்டிலிருந்து வந்திருந்தன. பழைய புத்தகக் கடைக்குப் போடுவதற்கு முன் சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். கோட்டையூர்க்காரர் ஒருவர் வீட்டில் சேர்த்துவைத்த நூல்களில் இருந்து 1994-ல் தொடங்கிய நூலகம் அது. பைண்டு செய்த தொடர்கதை, பழைய திருமண அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் போன்றவற்றின் மதிப்பு அங்கே தெரியும்.

அடுத்தது பிள்ளைகள். மாடி அறையில் கிடந்ததில் பாதி, டல்லாஸில் இருக்கும் மகனுடைய பொறியியல் புத்தகங்களும் கிரிக்கெட் மட்டையும்தான். "அப்புறம் எடுத்துக்கிறேம்மா" என்று பதினைந்து வருடமாகச் சொல்லிவந்தவன். நாங்கள் போட்ட ஒழுங்கு இது: கொடுக்கக்கூடிய சாமான்களை எண் போட்டுப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது, ஆடி பதினெட்டுக்குள் வேண்டும் என்று சொல்வது, சொன்னவர் எப்போது எப்படி எடுத்துப்போவார் என்றும் சொல்வது. சொல்லாதது அம்மா அப்பா இஷ்டம். ஒரே பொருளை இருவர் கேட்டால் சீட்டுக் குலுக்கல். சித்தி தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையையே எடுத்துக் கொடுத்தார். பச்சைப் பொட்டு வைத்தது கோயம்புத்தூர், சிவப்பு மகள், நீலம் மகன், பொட்டு இல்லாதது வெளியே. மரத்திலும் பித்தளையிலும் கறை படியாமல் உரிந்து வந்தது. லாரி ஏற்றுகிற ஆட்களுக்கும் அது ஒரே பார்வையில் புரிந்தது.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. பூஜை அறையில் இருந்த சாணுயர வெண்கலக் கிருஷ்ணரை மகன் கேட்டான். சித்தப்பாவின் தாத்தா வீட்டுச் சிலை என்பார்கள். 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே எடுத்துப்போக முடியாது, ஓலைச்சுவடி போன்ற கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 வருடம். பெட்டியில் போட்டு எடுத்துப்போனால் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். தொன்மையானது அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கலாம், ஆனால் சிலை உண்மையிலேயே பழையதாக இருந்தால் அந்தச் சான்று கிடைக்காது. கிருஷ்ணருக்குப் பச்சைப் பொட்டு வைத்தோம். மகன் பாட்டியின் காபி ஃபில்டரை எடுத்துக்கொண்டான்.

தினசரி வேலைக்கு இரண்டே இரண்டு ஒழுங்குதான் வைத்துக்கொண்டோம். காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு இரண்டு மணி நேரம், அதற்கு மேல் இல்லை. களைத்த பிறகு எடுக்கும் முடிவு ஒன்று எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதாக இருக்கும், அல்லது எல்லாவற்றையும் எறிவதாக இருக்கும். பெரியவர்கள் மேஜை முன் உட்கார்ந்திருக்க, சாமான் அவர்களிடம் வர வேண்டும். ஸ்டூலில் ஏறுவது இளைஞர் வேலை. இரண்டாவது, பிரித்த சாமான் அந்த வாரத்திலேயே வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். மூலையில் கட்டி வைத்த மூட்டையை இரவில் யாராவது ஒருவர் பிரித்துப் பார்க்காமல் இருக்க மாட்டார். சித்தப்பாவைத்தான் சொல்கிறேன். எறிந்த ரெகுலேட்டர், பழைய டேபிள் ஃபேன் மோட்டார், ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ஸ்க்ரூ எல்லாம் விடியும்போது மறுபடி ஷெல்ஃபில் இருக்கும். சித்தியின் பாத்திரத்தைச் சித்தப்பாவும், சித்தப்பாவின் ஸ்பானரைச் சித்தியும் தொடக் கூடாது என்றும் ஒரு விதி போட வேண்டியிருந்தது. ஒரு டூல்பாக்ஸ் கொள்ளும் அளவு அவருக்கு, அவ்வளவுதான். புகைப்பட ஆல்பத்தைக் கடைசி வாரம்வரை பிரிக்கவே விடவில்லை. பிரித்தால் அன்றைய இரண்டு மணி நேரமும் அதிலேயே போய்விடும்.

மூட்டை கட்டும் வேலைக்கு வருவோம். ஆட்கள் வந்தால் 640 சதுர அடி வீட்டுக்கான சாமானை ஒரே நாளில் கட்டிவிடுவார்கள். பீங்கானையும் கண்ணாடியையும் அவர்களே கட்டட்டும். நாம் கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் போக்குவரத்துக் காப்பீட்டில் பெரும்பாலும் பணம் தர மாட்டார்கள். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, நிரப்பிய பிறகு 15 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. பெரிய பெட்டியில் புத்தகம் அடுக்கினால் தூக்கும்போது அடி பிய்ந்துவிடும். கல்சட்டியைப் பழைய போர்வையில் சுற்றித் தனிப் பெட்டியில் வைத்தோம். மாவுக்கல் வேறு பாத்திரத்தோடு உரசினால் விரிசல் விடும். தஞ்சாவூர் ஓவியத்தைப் படுக்கப் போடக் கூடாது, கண்ணாடியின் குறுக்கே டேப் ஒட்டி, நிற்க வைத்தே கொண்டுபோக வேண்டும். பெட்டிகளில் எழுதுவதைப் பக்கவாட்டில் எழுத வேண்டும், மேலே எழுதினால் அடுக்கிய பிறகு தெரியாது. எண்ணும், புது வீட்டில் எந்த அறை என்பதும் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்பது ஒரு நோட்டில் இருக்கட்டும். "வெள்ளிப் பாத்திரம்" என்று பெட்டி மேலேயே எழுதிவைத்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்ற முடியாது. ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்தால் டெபாசிட் திரும்பும். இன்வெர்ட்டர் பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் அதன் ஈயத்துக்கு விலை உண்டு. ஃபிரிட்ஜை முந்தின நாளே காலி செய்து அணைத்துவிட்டு, நிற்க வைத்தே ஏற்றி, போய்ச் சேர்ந்த பிறகும் சில மணி நேரம் விட்டுத்தான் போட வேண்டும். லாரிக்காரரிடம் மொத்தப் பணத்தையும் முன்பே தர வேண்டாம். பிரபல நிறுவனத்தின் பெயரை லேசாக மாற்றி வைத்துக்கொண்டு, சாமானை ஏற்றிய பிறகு பாதி வழியில் அதிகம் கேட்கும் கும்பல்கள் உண்டு. அலுவலகத்தை நேரில் பார்த்து, சாமான் பட்டியலில் கையெழுத்து வாங்கி, வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் லாரியை அனுப்பினோம்.

நகை, மூன்று காகிதக் கட்டு, இரண்டு வார மருந்து, மாற்றுக் கண்ணாடி, காது கேட்கும் கருவியும் அதன் பேட்டரியும் காரில் கூடவே வந்தன. சாமி படம், குத்துவிளக்கு, அரிசி, உப்பு, பருப்பு, மஞ்சள் கொண்ட கூடையும் பால் காய்ச்சப் பாத்திரமும் சித்தியின் மடியிலேயே. இதோடு முதல் இரவுப் பெட்டி என்று ஒன்று: படுக்கை விரிப்பு, துண்டு, டார்ச், இரவு விளக்கு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஃபில்டர், காபிப்பொடி. இதை லாரியில் கடைசியாக ஏற்றினால்தான் முதலில் இறங்கும். மகள் முந்தின நாளே போய்க் குளியலறையில் கைப்பிடி பொருத்தி வைத்திருந்தாள். லாரி வந்ததும் முதலில் கட்டிலைப் பூட்டி விரிப்புப் போட்டார்கள், மிச்சப் பெட்டி எல்லாம் சுவரோரம் காத்திருந்தது.

நங்கநல்லூரில் நான்தான் கடைசியாகப் பூட்டினேன். இடிக்கப்போகிறவருக்கு விற்பதால் ஒன்றை ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தோம்: வாசல் தேக்குக் கதவும் ஊஞ்சலும் விற்பனையில் சேராது. எழுதாவிட்டால் அவை வீட்டோடு போனவை. இடிப்பு ஒப்பந்தக்காரர் கணக்கில் பழைய தேக்குக்குத்தான் நல்ல காசு. ஊஞ்சலை மகள் தன் வீட்டுக்குக் கேட்டிருந்தாள். கதவுக்கு யாரும் பொட்டு வைக்கவில்லை, மரக்கடைக்காரர் நேரில் வந்து அளந்து எடுத்துப்போனார். பதிவு முடிந்து பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் சாவியைக் கொடுத்தோம். சாவிக்கொத்தில் எது எந்தப் பூட்டுக்கு என்று சீட்டு கட்டியிருந்ததைப் பார்த்து பில்டரின் ஆள் சிரித்தார், அடுத்த வாரம் பூட்டே இருக்கப் போவதில்லை. மின் மீட்டர் அளவைப் படம் எடுத்து, அந்தத் தேதிக்குப் பிறகு வரும் கட்டணமும் இணைப்பைத் துண்டிக்கும் பொறுப்பும் அவருடையது என்று எழுதி வாங்கினேன். சித்தப்பாவின் ஓய்வூதியக் கடிதங்கள் கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போகத் தபால் நிலையத்தில் ஒரு விண்ணப்பமும் கொடுத்தேன்.